வீட்டம்மாவின் பூவேலை குஷன் கவர்களை ஆன்லைனில் போடுவது எப்படி? ஒரு தையல்காரரின் கேள்விக்குப் பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்கு 72 வயது. ஐம்பது வருஷத்துக்கு மேல் தையல் கடை வைத்திருக்கிறேன். என் வீட்டம்மா கையால் பூ போட்டு, நான் மெஷினில் தைத்த 43 குஷன் கவர்கள் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. அவர் தவறி இரண்டு வருஷம் ஆகிறது. பேத்தி, "போன்ல போட்டு வித்துரலாம் தாத்தா" என்கிறாள். அவள் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள், நான்தான் பழக வேண்டும். தமிழ் டைப் அடிக்கத் திணறுவேன், இங்கிலீஷ் தெரியாது. பையன், "ஒரு கடைக்காரர் மொத்தமாக, ஒன்றுக்கு 100 ரூபாய் என்று கேட்கிறார், கொடுத்துவிடலாம்" என்கிறான். எதில் போடுவது, என்ன விலை வைப்பது, எப்படிப் படம் எடுப்பது? விற்கவும் மனசு வரவில்லை, பெட்டியில் வைத்துப் பூச்சி அரிக்கவும் மனசு வரவில்லை. வழி சொல்லுங்கள்.

பதில்: ஐயா, வணக்கம். போனை நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம். முதல் வேலை வெட்டுமேசையில்தான். பெட்டியில் உள்ள 43 கவர்களையும் வெளியே எடுத்து, நிழலில், காற்றோட்டமான இடத்தில் ஒரு நாள் விரித்துப் போடுங்கள். வெயில் வேண்டாம். பல வருஷம் இருட்டில் இருந்த நூல் நேர் வெயிலில் சாயம் போகும். அந்துருண்டை வாசனை போக ஒரு நாள் போதாவிட்டால் மறுநாளும் போடுங்கள். அந்த வாசனையோடு அனுப்பினால், வாங்குபவர் பையைப் பிரித்த உடனே "பழைய சரக்கு" என்று முடிவு கட்டிவிடுவார். படத்தில் தெரியாத குறை அது.

அடுத்து உங்கள் அளவு நோட்டை எடுங்கள். வாடிக்கையாளருக்கு அளவெடுத்து நம்பர் போட்டு, துண்டுத் துணியைக் குத்தி வைப்பீர்களே, அதே நோட்டு, அதே பழக்கம். ஒவ்வொரு கவருக்கும் 1 முதல் 43 வரை ஒரு நம்பர். துணிச் சீட்டில் நம்பரை எழுதி, கவரின் உள்பக்கத் தையல் பிடிப்பில் நூலால் ஒரு தையல் போட்டுக் கட்டுங்கள். குண்டூசி வேண்டாம், துரு ஏறும். இந்த நம்பர்தான் கடைசிவரை வரப்போகிறது. நோட்டில், படத்தின் பெயரில், போனில் போடும் விவரத்தில், பார்சலில் என்று எல்லாவற்றிலும் ஒரே நம்பர் இருக்க வேண்டும்.

இதை முதலில் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. கடையில் விற்கும் குஷன் கவர் ஒரே மாதிரி நூறு இருக்கும், எதை எடுத்துக் கொடுத்தாலும் சரிதான். உங்களிடம் இருப்பது ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்று. "பச்சைக் கிளி போட்டது" என்று ஒருவர் கேட்டு, உங்களிடம் கிளி போட்டது மூன்று இருந்து, அவர் படத்தில் பார்க்காத ஒன்றை நீங்கள் அனுப்பிவிட்டால், அவர் கோபப்படுவதில் நியாயம் உண்டு. கைவேலைப் பொருள் விற்பதில் அடிக்கடி வரும் சிக்கல் இது. நம்பர் இருந்தால் வராது.

நம்பர் போட்ட பிறகு, விற்கவே கூடாதவற்றை ஒதுக்குங்கள். இதை இப்போதே செய்துவிட வேண்டும், ஆர்டர் வந்த பிறகு யோசிக்கக் கூடாது. பணம் வாங்கிய பிறகு "அதைத் தர மனசில்லை" என்று சொன்னால் வாங்க வந்தவருக்கும் சங்கடம், உங்களுக்கும் வேதனை. உங்கள் வீட்டம்மா பாதியில் விட்ட வேலை ஏதாவது இருந்தால் அது வீட்டில் இருக்கட்டும். துணியில் படம் வரைந்த கோடும், எங்கே ஆரம்பித்து எப்படிப் போனார் என்பதும் அதில்தான் தெரியும். அவர் போட்ட தையல் வகை ஒவ்வொன்றுக்கும் ஒரு கவர் என்று பேத்திக்காக எடுத்து வையுங்கள். கார்ட்டூன் பொம்மை போட்டவை இருந்தால் அவற்றையும் விற்பனையில் சேர்க்காதீர்கள். அந்த உருவங்கள் கம்பெனிகளுக்குச் சொந்தம் என்பதால் பிரச்சினை வரலாம். பேரன் பேத்திகளுக்குக் கொடுங்கள். மீதி முப்பதோ முப்பத்தைந்தோ வந்தால் போதும். விற்கப்போவது, வைத்திருக்கப்போவது எல்லாவற்றையும் முன்பக்கம், பின்பக்கம் படம் எடுத்துப் பேத்திக்கு அனுப்பிவிடுங்கள். கவர் கைவிட்டுப் போனாலும் வேலைப்பாடு உங்கள் குடும்பத்தில் இருக்கும்.

இனி ஒரே ஒரு கவரை எடுத்து முழுவதும் முடித்துப் பார்ப்போம். 7-ஆம் நம்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை வெள்ளை கேஸ்மென்ட் துணி, கிளையில் இரண்டு பச்சைக் கிளிகள். உடம்பு முழுக்க நிரப்புத் தையல், கொடிக்குக் காம்புத் தையல், பூ நடுவில் முடிச்சுத் தையல். பின்பக்கம் உலோக ஜிப்.

முதலில் குறை பார்க்க வேண்டும். கவரை உள்வெளியாகத் திருப்பி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். பூச்சி கடித்த ஓட்டை இருந்தால் ஊசிமுனை அளவில் வெளிச்சம் தெரியும். கஞ்சி போட்ட துணியை வெள்ளிப்பூச்சி விரும்பித் தின்னும், அதனால் கஞ்சி போட்டவற்றைக் கூடுதலாகக் கவனியுங்கள். மடிப்பு விழுந்த இடத்தில் பழுப்புக் கோடு இருக்கிறதா, எம்பிராய்டரி வளையத்தின் வட்டத் தடம் இருக்கிறதா, கார்பன் பேப்பர் கோடு எங்காவது நூலுக்கு வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். உலோக ஜிப்பைத் திறந்து மூடுங்கள். பல்லில் பச்சையாகவோ பழுப்பாகவோ பூத்திருந்தால் அந்தக் கறை துணிக்கும் ஏறும். பிரித்து நைலான் ஜிப் வைத்துவிடுங்கள், உங்களுக்கு அது பெரிய வேலை இல்லை.

துவைக்கலாமா என்பதுதான் ஆபத்தான இடம். பழைய சிவப்பு, மெரூன், கருநீல நூல்கள் சாயம் விடக்கூடியவை. அரை வெள்ளைத் துணியில் சிவப்பு இறங்கினால் கவர் போச்சு. அதனால் சோதித்துப் பார்க்காமல் தண்ணீரில் முக்கவே கூடாது. வெள்ளைப் பருத்தித் துணி ஒன்றை ஈரமாக்கிப் பிழிந்து, கவரின் பின்பக்கத்தில் நூல் முடிந்திருக்கும் இடத்தில் இரண்டு நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். துணியில் லேசாக நிறம் ஒட்டினாலும் அந்தக் கவரைத் துவைக்காதீர்கள். தூசியை மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டு, "உலர் சலவை மட்டும்" என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நிறம் ஒட்டாதவற்றைக் குளிர்ந்த தண்ணீரில், மென்மையான சோப்பில், கசக்காமல் அலசி, முறுக்கிப் பிழியாமல், துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்துவிட்டு நிழலில் படுக்கையாக விரித்துக் காய வையுங்கள். கார்பன் கோடு இருக்கும் கவரில், கோடு போகும்வரை இஸ்திரி வைக்காதீர்கள். சூடு பட்டால் அந்தக் கோடு நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளலாம்.

இஸ்திரி போடும்போது தடித்த துண்டை விரித்து, பூவேலை துண்டைப் பார்த்துக் கவிழ்ந்திருக்கும்படி வைத்து, பின்பக்கமாகத் தேயுங்கள். நேராகத் தேய்த்தால் முடிச்சுத் தையல் நசுங்கித் தட்டையாகிவிடும். பிறகு எவ்வளவு நல்ல படம் எடுத்தாலும் அது மெஷின் வேலை மாதிரித்தான் தெரியும்.

இதில் என் உறுதியான கருத்து ஒன்று. ஓரத் தையல் பிரிந்திருந்தால் தையுங்கள், ஜிப்பை மாற்றுங்கள், பின்பக்கத் துணி இற்றுப்போயிருந்தால் புதிதாகவே வையுங்கள். ஆனால் அம்மா போட்ட பூவேலையில் நூல் விட்டுப்போன இடத்தை நீங்கள் நிரப்ப வேண்டாம். பின்பக்கம் நூல் மேலும் பிரியாமல் ஒரு முடிச்சு போட்டால் போதும். "முழுக்க அவர் கைவேலை" என்று எழுதும்போது அது உண்மையாக இருக்க வேண்டும். விட்டுப்போன இரண்டு இழையைப் படத்தில் காட்டிவிட்டால், வாங்குபவர் பெரும்பாலும் பொருட்படுத்த மாட்டார்.

அளவெடுப்பது உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் இங்கே முறை கொஞ்சம் மாறும். கவரைத் தட்டையாக விரித்து, உள்ளே தையலிலிருந்து தையல்வரை, நீளமும் அகலமும் இரண்டு இடங்களில் எடுங்கள். வெளி ஓரத்தில் எடுத்தால் தையல் பிடிப்பும் பைப்பிங்கும் சேர்ந்து அரை இஞ்ச் கூடிவிடும். 16 இஞ்ச் என்று வெட்டித் தைத்த கவரும் துவைத்த பிறகு சுருங்கியிருக்கும். நம் 7-ஆம் நம்பர் 15¾ இஞ்சுக்கு 15½ இஞ்ச் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை அப்படியே எழுதுங்கள், பக்கத்தில் 40 செ.மீ.க்கு 39.4 செ.மீ. என்றும் எழுதுங்கள். கூடவே "16 இஞ்ச் குஷனுக்குப் பொருந்தும்" என்ற வரியும் வேண்டும். புதுக் கவருக்கு ஓரிரு இஞ்ச் பெரிய குஷனை அடைத்தால் உப்பலாக அழகாக இருக்கும் என்று 18 இஞ்ச் குஷனை நுழைப்பவர்கள் உண்டு. பழைய துணி அந்த இழுப்பைத் தாங்காது. ஜிப் ஓரம் விடும், நிரப்புத் தையல் இழை இழையாக விலகித் துணி தெரியும். அதனால் "18 இஞ்ச் குஷன் போட வேண்டாம்" என்றும் சேர்த்துவிடுங்கள்.

படத்துக்குக் காலை வெளிச்சம் நல்லது. சூரியன் நேராக விழாத ஜன்னல் பக்கத்தில், வெள்ளை வேட்டியை விரித்து அதன்மேல் கவரை வையுங்கள். ஜன்னல் கவருக்கு மேலேயோ எதிரேயோ இல்லாமல், இடப்பக்கமோ வலப்பக்கமோ இருக்கட்டும். பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் நூலின் மேடு நிழல் விழுந்து தெரியும், கைவேலை என்பதைக் காட்டுவது அந்த நிழல்தான். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு தெர்மகோல் அட்டையை நிறுத்தினால், இருண்ட பக்கத்துக்கும் கொஞ்சம் வெளிச்சம் திரும்பும். ஃபிளாஷ் வேண்டாம், அது நிழலை அழித்துவிடும். டியூப்லைட்டையும் அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சமும் டியூப் வெளிச்சமும் கலந்தால் நிறம் குழம்பும்.

போன் லென்ஸை மெல்லிய துணியால் துடைத்துவிட்டு, போனைக் கவருக்கு நேர் மேலே, சாயாமல் பிடியுங்கள். சாய்ந்தால் சதுரம் சரிவகமாகத் தெரியும், கோணலாகத் தைத்தது என்று நினைப்பார்கள். கவரைச் சுற்றி நான்கு பக்கமும் இடம் விட்டு எடுங்கள், பிறகு சதுரமாக வெட்டும்போது ஓரம் அடிபடாது. வெள்ளை வேட்டிமேல் வைத்து எடுக்கும்போது படம் மொத்தமும் மங்கி, அரை வெள்ளை சாம்பல் நிறமாக வரும். திரையில் கிளியின் மேல் விரலை வைத்தால் பக்கத்தில் சூரியன் போன்ற குறி வரும், அதை மெதுவாக மேலே தள்ளினால் வெளிச்சம் கூடும். எடுத்த படத்தையும் கையில் உள்ள கவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மெரூன் நூல் படத்தில் சிவப்பாகத் தெரிந்தால், இன்னொரு படம் எடுத்துப் பாருங்கள். அப்போதும் மாறாவிட்டால், "நூல் மெரூன், படத்தில் சற்றுச் சிவப்பாகத் தெரிகிறது" என்று எழுதிவிடுங்கள். நிறத்தைப் பளிச்சென்று காட்டும் ஃபில்டர் எதையும் தொடாதீர்கள்.

ஒரு கவருக்கு ஐந்து படம் போதும். முன்பக்கம் முழுதாக, பூவேலை மிக அருகில், பின்பக்கம் ஜிப் தெரிய, குஷன் போட்டு நாற்காலியில் வைத்தது, குறை இருந்தால் அந்தக் குறை. குறையை எடுக்கும்போது பக்கத்தில் டேப்பை வையுங்கள். "சிறிய கறை" என்று எழுதினால் அவரவர் மனசுக்கு ஏற்பப் பெரிதாகும். டேப்போடு எடுத்த படத்தில் அது கால் இஞ்ச் என்று அவர்களுக்கே தெரியும். எம்பிராய்டரியின் உள்பக்கத்தையும் ஆறாவது படமாகப் போடலாம். கைவேலை தெரிந்தவர்கள் முதலில் பின்பக்கத்தைத்தான் கேட்பார்கள்.

விலைக்கு வருவோம். நூறு ரூபாய் என்று கடைக்காரர் கேட்டதில் பூவேலைக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. துணிக்கும் தையலுக்குமே அது பற்றாது. விலையை மனசால் நிர்ணயிக்க வேண்டாம், நேரத்தால் நிர்ணயியுங்கள். அம்மா எவ்வளவு நேரம் எடுத்தார் என்று இப்போது கேட்க முடியாது, ஆனால் கணக்கிட முடியும். கைப்பூவேலை தெரிந்த ஒருவரிடம் அதே மாதிரித் துணியில் ஒரு சதுர இஞ்ச் நிரப்புத் தையல் போடச் சொல்லி நேரத்தைக் குறியுங்கள். 25 நிமிஷம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளலாம். கிளிகள் இரண்டும் சேர்ந்து 10 சதுர இஞ்ச் என்றால் 250 நிமிஷம். கொடி 40 இஞ்ச் நீளம், இஞ்சுக்கு ஒன்றரை நிமிஷம், ஆக 60. முடிச்சு முப்பது, ஒன்றுக்கு ஒரு நிமிஷம், ஆக 30. மொத்தம் 340 நிமிஷம், ஐந்தே முக்கால் மணிக்குச் சற்றுக் குறைவு. உங்கள் ஊரில் இந்த வேலைக்கு ஒரு நாள் கூலி எட்டு மணிக்கு 640 ரூபாய் என்றால் மணிக்கு 80, அதன்படி பூவேலைக்கு 453 ரூபாய். துணி, தையல் 120, புது ஜிப் 20, பேக்கிங் 25. எல்லாம் சேர்த்து 618, நீங்கள் 620 போடலாம். கறை இருந்தால் அதற்கு நாற்பது, ஐம்பது குறையுங்கள். தபால் செலவு தனி. இந்த ரூபாய்கள் உதாரணத்துக்குச் சொன்னவைதான், உங்கள் ஊர்க் கூலியை வைத்து நீங்கள் போடுங்கள். எல்லாக் கவருக்கும் ஒரே விலை வைப்பது மட்டும் வேண்டாம். நிரப்புத் தையல் போட்ட கவரும் வெறும் கொடி ஓடிய கவரும் ஒரே விலை என்றால், முதல் வாரத்திலேயே நல்லதெல்லாம் போய் மற்றவை தேங்கிவிடும்.

எதில் போடுவது? பெரிய விற்பனைத் தளங்களை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அவை ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப அனுப்பக்கூடியவர்களுக்காக அமைந்தவை. ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்று என்றால் முப்பது பொருளுக்கு முப்பது தனிப் பதிவு போட வேண்டும், கமிஷன் போகும், திரும்பி வரும் சரக்கும் உண்டு. ஜிஎஸ்டி விஷயமும் இருக்கிறது. அந்தத் தளங்கள் வழியாக வெளி மாநிலத்துக்கு விற்க ஜிஎஸ்டி பதிவு வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல், சொந்த மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு வியாபாரிகளுக்குப் பதிவு இல்லாமல், பான் எண்ணைக் கொண்டு ஜிஎஸ்டி தளத்தில் ஒரு சேர்க்கை எண் வாங்கி விற்கும் சலுகை வந்திருக்கிறது. முப்பது கவருக்கு அந்த அலைச்சல் தேவையில்லை.

உங்களுக்கு ஏற்றது வாட்ஸ்அப் பிசினஸ். அதில் உள்ள Catalog என்ற பகுதி ஒரு சிறிய கடை அலமாரி. ஒரே நம்பரில் சாதாரண வாட்ஸ்அப்பும் பிசினஸும் சேர்ந்து ஓடாது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். கடை நம்பரையே பிசினஸுக்கு மாற்றலாம், பழைய உரையாடல்களையும் அதற்குள் கொண்டுவரலாம். ஆனால் மாற்றுவதற்கு முன் பேத்தியை போனில் வைத்துக்கொண்டு, உரையாடல்களை பேக்கப் எடுத்துவிட்டுச் செய்யுங்கள். இந்த ஒரு வேலை மட்டும் தனியாக வேண்டாம்.

மாற்றிய பிறகு, Tools அல்லது மூன்று புள்ளி மெனுவில் Catalog இருக்கும். அதைத் தொட்டு Add new item தொடுங்கள். முதலில் படங்கள், ஒரு பொருளுக்குப் பத்து வரை போடலாம். முன்பக்கப் படம் முதலாவதாக வரட்டும். பிறகு பெயர், விலை, விவரம். கீழே Item code என்ற இடத்தில் நோட்டில் உள்ள அதே நம்பர். சேமித்த உடனே எல்லோருக்கும் தெரியாது. வாட்ஸ்அப் படத்தைப் பரிசீலித்த பிறகுதான் தெரியும், அதுவரை "போட்டது போகவில்லை" என்று மறுபடி மறுபடி போட்டுவிடாதீர்கள். ஒரே கவர் மூன்று தடவை வந்து நிற்கும்.

டைப் அடிக்கத் திணற வேண்டாம். கீபோர்டில் தமிழைச் சேர்த்துவிட்டால் மைக் குறியைத் தொட்டுப் பேசலாம், எழுத்தாக வரும். வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்திப் பேசுங்கள். எண்களை மட்டும் கையால் அடியுங்கள். பேச்சில் பதினாறும் பதினேழும் தடுமாறும், அரை, முக்கால் சரியாக விழாது. 7-ஆம் நம்பருக்கு இப்படிப் பேசலாம்:

"கிளி ஜோடி, கைப்பூவேலை குஷன் கவர். நம்பர் 7. ஒன்று மட்டுமே உள்ளது. அரை வெள்ளை பருத்தி கேஸ்மென்ட் துணி. அளவு 15¾ × 15½ இஞ்ச் (40 × 39.4 செ.மீ.), 16 இஞ்ச் குஷனுக்குப் பொருந்தும், 18 இஞ்ச் போட வேண்டாம். கிளிகள் நிரப்புத் தையல், கொடி காம்புத் தையல், பூ நடுவில் முடிச்சு. பூவேலை முழுவதும் என் மனைவி கையால் போட்டது, தையல் என்னுடையது. பின்பக்கம் புது நைலான் ஜிப். கீழ் மூலையில் கால் இஞ்ச் பழுப்புப் புள்ளி, 5-ஆவது படத்தில் காண்க. குளிர்ந்த தண்ணீரில் கையால் அலசவும். பின்பக்கம் திருப்பி இஸ்திரி போடவும். குஷன் சேர்த்தி இல்லை."

புள்ளி இருப்பதால் இதற்கு விலை 580. "குஷன் சேர்த்தி இல்லை" என்ற வரியை விடவே கூடாது. நான்காவது படத்தில் குஷனோடு பார்த்தவர், அதுவும் வரும் என்று எதிர்பார்ப்பார்.

அம்மா இல்லை என்பதை எழுத வேண்டுமா என்ற கேள்வி உங்களுக்குள் இருக்கும். ஒவ்வொரு கவரிலும் எழுத வேண்டாம் என்பது என் எண்ணம். "என் மனைவி கையால் போட்டது" என்பதே போதுமான உண்மை. கடையின் முகப்பு விவரத்தில் ஒரே ஒரு இடத்தில், "இவற்றைப் போட்டவர் மறைந்துவிட்டார், இருப்பவை இவ்வளவுதான்" என்று எழுதுங்கள். புதிதாகப் போட்டுத் தர முடியாது என்பது அதிலேயே விளங்கும். ஒவ்வொரு பதிவிலும் துக்கத்தை எழுதினால், வாங்குபவர் அந்தக் கவரை நாற்காலியில் போடத் தயங்குவார். குஷன் கவர் உட்காருபவர் முதுகுக்குத்தான், அம்மாவும் அதற்காகத்தான் போட்டிருப்பார்.

முதலில் ஐந்து கவர் மட்டும் போடுங்கள். அவற்றுக்கு வரும் கேள்விகளை நோட்டில் குறித்து, எது திரும்பத் திரும்ப வருகிறதோ அதற்கான பதிலை அடுத்த ஐந்தின் விவரத்தில் சேர்த்துவிடுங்கள். ஆட்களுக்கு எப்படித் தெரியும் என்றால், கேட்லாக் தானாக யார் கண்ணிலும் படாது. அதற்கு ஒரு இணைப்பு உண்டு, இப்படி இருக்கும்:

```
wa.me/c/91XXXXXXXXXX
```

91-க்குப் பின்னால் உங்கள் பத்து இலக்க நம்பர். பேத்தி இதைத் தன் இன்ஸ்டாகிராமில் போடட்டும், நீங்கள் சொந்தக்காரர் குழுக்களில் அனுப்புங்கள். ஸ்டேட்டஸ் வைப்பதாக இருந்தால், நீங்களும் அவர்களும் ஒருவர் நம்பரை மற்றவர் போனில் சேமித்திருந்தால்தான் அது தெரியும். கடைக்கு வரும் வாடிக்கையாளர்களிடம் நம்பரைச் சேமித்துக்கொள்ளச் சொல்லி, அவர்கள் நம்பரை நீங்களும் சேமியுங்கள். ஆரம்பத்தில் தமிழ்நாட்டுக்குள் மட்டும் அனுப்புங்கள். இந்த அளவு வியாபாரத்துக்கு ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாது. வெளி மாநிலத்துக்கு அனுப்பக் கைவினைப் பொருட்களுக்குத் தனிச் சலுகை உண்டு. அதற்கும் நிபந்தனைகள் இருப்பதால், அப்படி ஆர்டர் வரும்போது உள்ளூர் வரி ஆலோசகரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே கவருக்கு இரண்டு பேர் கேட்பது நிச்சயம் நடக்கும். யார் முதலில் பணம் கட்டுகிறாரோ அவருக்கு என்று முகப்பிலேயே எழுதிவிடுங்கள். "எடுத்து வையுங்கள், நாளைக்குக் கட்டுகிறேன்" என்பவருக்கு மறுநாள் அதே நேரம் வரைதான் கெடு. பணம் வந்ததும் முதல் வேலையாக, அந்தப் பொருளைத் திறந்து Hide item கொடுத்து மறைத்துவிட வேண்டும், பார்சல் கட்டுவது அதற்குப் பிறகு. நோட்டிலும் அந்த நம்பரை அடித்துவிடுங்கள்.

பணம் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். உங்களுக்குப் பணம் வருவதற்கு நீங்கள் பின் நம்பர் போடவேண்டிய அவசியமே கிடையாது. "நான் ஒரு கியூஆர் அனுப்புகிறேன், ஸ்கேன் பண்ணிப் பின் போட்டால் உங்களுக்குப் பணம் வரும்" என்று யார் சொன்னாலும், அது உங்கள் பணத்தை எடுக்கும் வழி. பேரமே பேசாமல் "எல்லாக் கவரும் எனக்கு வேண்டும், இப்போதே அனுப்புகிறேன்" என்று அவசரப்படுத்துபவரிடம் கூடுதல் கவனம் வேண்டும். அவர் அனுப்பும் ஸ்க்ரீன்ஷாட்டை நம்ப வேண்டாம், அதைப் போலியாகச் செய்வது எளிது. உங்கள் பேங்க் கணக்கிலோ, உங்கள் பணம் அனுப்பும் ஆப்பின் வரவுப் பட்டியலிலோ தொகையைப் பார்த்த பிறகே பார்சல். "தவறுதலாகக் கூடுதலாக அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்புங்கள்" என்பதும் அதே வகைதான். கணக்கைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

அனுப்பும்போது, கட்டுவதற்கு முன் கவரை நம்பர் சீட்டோடு ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பூவேலையின் நடுவே மடிப்பு விழாதபடி பார்த்து ஒரே மடிப்பாக மடியுங்கள். இடையில் பட்டர் பேப்பர் வையுங்கள். நியூஸ்பேப்பர் கூடாது, மை ஒட்டும். பூவேலை நடுவிலேயே இருந்து மடிக்க வழியில்லை என்றால், பூ வெளிப்பக்கம் இருக்கும்படி தளர்வாகச் சுருட்டுங்கள். உள்பக்கம் வைத்துச் சுருட்டினால் நூல் ஒன்றோடொன்று நெருங்கி நசுங்கும். மழைக்காக ஒரு பிளாஸ்டிக் கவர், வளையாமல் இருக்க ஒரு அட்டை, அதற்கு மேல் பார்சல் பை. முகவரியைப் பைமேல் ஒட்டுவதோடு உள்ளேயும் ஒரு சீட்டு போடுங்கள், மேல் சீட்டு கிழிந்தாலும் பார்சல் போய்ச் சேர வழி இருக்கும். ஓரிரு கவர் கட்டினால் அரை கிலோவுக்குள் அடங்கிவிடும். தபால் நிலையத்தில் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதில் உள்ள கண்காணிப்பு எண்ணை வாங்கியவருக்கு உடனே படம் எடுத்து அனுப்புங்கள். "எப்போ வரும்?" என்று தினம் ஒரு போன் வராமல் இருக்கும்.

பையன் சொன்ன மொத்த விற்பனையையும் முழுக்கத் தள்ளிவிட வேண்டாம். கறை கூடியவை, துணி இற்றவை, கொடி மட்டும் ஓடியவை கடைசியில் தேங்கும். அவற்றைக் கடைக்காரருக்கே கொடுக்கலாம், மேலே சொன்ன கணக்கைப் போட்டுக் காட்டி விலை பேசி.

நான்கைந்து விற்ற பிறகு யாராவது, "இதே கிளி இன்னும் இரண்டு கிடைக்குமா?" என்று கேட்பார். இல்லை என்று சொல்லி, வேறு நம்பர் ஒன்றின் படத்தை அனுப்புங்கள். ஒருவேளை பேத்தியோ, ஊரில் வேறு யாரோ அதே படத்தைப் போட்டுத் தர முன்வந்தால், தாராளமாகச் செய்யலாம். அப்படியானால் அந்தப் புதுக் கவர்களுக்கு நம்பர் 44 என்று தொடராதீர்கள். "பு-1", "பு-2" என்று தனி வரிசை வைத்து, போட்டவர் யார் என்பதை விவரத்தில் எழுதி, நோட்டிலும் தனிப் பக்கத்தில் ஆரம்பியுங்கள்.